அறுபதா, அறுபத்து நான்கா?

கூட்டிப் பார்த்தேன். 104 வந்தது. மறுபடியும் கூட்டினேன். மறுபடியும் 104.

கருத்துக்கணிப்பு அறிக்கைகளைத் தொகுப்பதும், அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அன்று என் மேசைக்கு வந்தது ஓர் அமைப்பின் மூன்றாண்டு ஒப்பீட்டு வரைபடம். ஆண்டுதோறும் தன் உறுப்பினர்களில் 600 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா?' என்று அந்த அமைப்பு கேட்கும். விடைகள் மூன்றே: திருப்தி, திருப்தியில்லை, கருத்து இல்லை. முதல் ஆண்டுக்கான பட்டையில் 64, 28, 12 என்று இருந்தது. மூன்று விடைகளில் ஒன்றைத்தான் ஒருவர் சொல்ல முடியும் என்றால், நூறு பேரில் நூற்று நான்கு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

வரைபடத்தைத் தயாரித்தவர் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். கெட்டிக்காரர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"முதல் ஆண்டின் மூல அட்டவணையில் ஒரு பக்கம் கிடைக்கவில்லை, சார். திருப்தி எண் மட்டும் அதில் இருந்தது. அதனால் இரண்டாம் ஆண்டின் சுருக்கத்திலிருந்து கணக்கிட்டுப் போட்டேன்" என்றார்.

அந்தச் சுருக்கத்தை எடுத்துக் காட்டினார். அதில் இப்படி இருந்தது: 'திருப்தி தெரிவித்தோர் 54 சதவீதம். இது சென்ற ஆண்டைவிட 10 சதவீதம் குறைவு.' அவர் 54-உடன் 10-ஐக் கூட்டியிருக்கிறார். 64. அந்த வாக்கியத்தைப் படிக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள்.

தொலைந்த பக்கத்தைத் தேடி எடுத்தோம். முதல் ஆண்டில் திருப்தி தெரிவித்தவர்கள் 600 பேரில் 360 பேர். அதாவது 60 சதவீதம். 64 இல்லை. இரண்டாம் ஆண்டில் 600 பேரில் 324 பேர், 54 சதவீதம். ஆக, 36 பேர் குறைந்திருக்கிறார்கள். (இரண்டு ஆண்டும் கேட்கப்பட்டவர்கள் ஒரே ஆட்கள் இல்லை என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.)

இந்த 36-ஐ எதால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கேட்கப்பட்ட 600 பேரால் வகுத்தால் 6 வரும். முன்பு திருப்தியாக இருந்த 360 பேரால் வகுத்தால் 10 வரும். முதலாவது, நூற்றுக்கு அறுபதாக இருந்தது நூற்றுக்கு ஐம்பத்து நான்கானது என்பதைச் சொல்கிறது. இதைத்தான் 6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது என்கிறோம். இரண்டாவது, திருப்தியாளர்களின் கூட்டமே பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது என்பதைச் சொல்கிறது. அது 10 சதவீதக் குறைவு. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டாவதை எழுதிவிட்டு, அதை முதலாவதைப் போலப் படிக்க விட்டால், இல்லாத 64 ஒன்று பிறந்துவிடுகிறது.

அந்தச் சுருக்கத்தை எழுதியது யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. எழுதியது நான்தான்.

எப்படி எழுதினேன் என்று என் பழைய விரிதாளைத் திறந்து பார்த்தேன். B பத்தியில் முதல் ஆண்டு, C பத்தியில் இரண்டாம் ஆண்டு. பக்கத்தில் இரண்டு கணக்குகள் போட்டு வைத்திருக்கிறேன்:

```
=C5-B5      -6%
=C5/B5-1    -10%
```

முதல் வரி வெறும் கழித்தல்; இரண்டாவது வரி விகித மாற்றம். இரண்டுக்கும் விரிதாள் ஒரே % குறியைத்தான் ஒட்டுகிறது. மூல எண்கள் சதவீத வடிவத்தில் இருப்பதால், அவற்றின் வித்தியாசத்தையும் அது சதவீதமாகவே காட்டிவிடுகிறது. மாலை ஆறு மணிக்கு அறிக்கையை அனுப்ப வேண்டிய அவசரத்தில், இரண்டு கட்டங்களில் எது எது என்று யோசிக்காமல் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் கழித்தல் கணக்கை நூறால் பெருக்கி, வெறும் எண்ணாகவே வைக்கிறேன். அந்தக் கட்டத்தில் % குறி வந்தால் அது விகித மாற்றம்; குறி இல்லையென்றால் புள்ளி. சின்ன ஏற்பாடுதான், ஆனால் மாலை ஆறு மணிக்கு உதவுகிறது.

இந்தக் குழப்பம் எல்லா எண்களிலும் வருவதில்லை. ஓர் ஊரின் மக்கள்தொகை 10 சதவீதம் கூடியது என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். மக்கள்தொகை தலைக்கணக்கு, ஆகவே அதில் பத்தில் ஒரு பங்கு என்பதைத் தவிர வேறு பொருளுக்கு இடமில்லை. அளக்கப்படும் பொருளே ஏற்கெனவே ஒரு சதவீதமாக இருக்கும்போதுதான் சிக்கல். வேலையின்மை விகிதம், வட்டி விகிதம், வாக்கு விகிதம், தேர்ச்சி விகிதம், கருத்துக்கணிப்பின் ஒவ்வொரு விடையும் இந்த வகைதான். 'வேலையின்மை 8 சதவீதம். அது 2 சதவீதம் குறைந்தது' என்றால் இப்போது 6 சதவீதமா, 7.84 சதவீதமா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது.

தமிழில் இன்னொரு பொறியும் உண்டு. '10 சதவீதம் குறைந்தது', '10 சதவீதமாகக் குறைந்தது'. நடுவில் ஓர் 'ஆக' மட்டும் கூடுதல். முன்னது எவ்வளவு இறங்கியது என்கிறது; பின்னது எங்கே வந்து நின்றது என்கிறது. பிழை திருத்துபவர் கண்ணுக்கு இரண்டும் இலக்கணச் சுத்தமான வாக்கியங்கள், எனவே அவர் பேனா அங்கே நிற்காது. தலைப்பில் இடம் போதவில்லை என்று 'ஆக'வை வெட்டியதில், ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய ஒரு விகிதம் ஏதோ லேசாக இறங்கியது போல ஆகிவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'சதவீதப் புள்ளி' என்ற சொல்லும் நம் வாயில் எளிதாகப் புரள்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்குப் புள்ளி என்றால் தசமப் புள்ளி. 'பூஜ்யம் புள்ளி ஐந்து சதவீதப் புள்ளி' என்று செய்தி வாசிப்பவர் சொன்னால், கேட்பவர் கோலத்துக்குப் புள்ளி வைக்கிறார் என்றே நினைப்பார். அதனால்தான் பல செய்தி மேசைகளில் 'புள்ளி' வெட்டப்பட்டு, 'சதவீதம்' மட்டும் மிஞ்சுகிறது. வங்கித் துறையினர் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க வேறு அளவையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பேசுவது அடிப்படைப் புள்ளிகளில். நூறு அடிப்படைப் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி. மைய வங்கி வட்டியை 25 அடிப்படைப் புள்ளிகள் உயர்த்தியது என்றால், 4 சதவீதம் 4.25 ஆனது, அதற்கு வேறு பொருளே கிடையாது. அதே செய்தி வெளியே வரும்போது '0.25 சதவீதம் உயர்வு' ஆகிவிடுகிறது. பழக்கத்தால் நாமும் சரியாகப் புரிந்துகொள்கிறோம். ஆனால் 4 என்பது 5 ஆனதை '1 சதவீத உயர்வு' என்று படிக்கிற கடன்காரர், தான் கட்டும் வட்டித் தொகை 25 சதவீதம் கூடிவிட்டது என்பதை மாதத் தவணைச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

கருத்துக்கணிப்புக்குத் திரும்புகிறேன். 64 என்ற பிழை வரைபடத்தில் ஒரு பட்டையை உயர்த்தியதோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அது அறிக்கையின் முடிவையே மாற்றப் பார்த்தது.

ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: 'பிழை வரம்பு ±4 சதவீதம்'. 600 பேரைக் கேட்டுப் பெரிய கூட்டத்தின் மனத்தை ஊகிக்கும்போது, குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் விடை கொஞ்சம் இப்படியோ அப்படியோ ஆடும். அந்த ஆட்டத்தின் அளவு அது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மை நிலை இந்த வரம்புக்குள் அகப்படும் என்ற வழக்கமான கணக்கில், 60 சதவீத விடைக்கு அது 3.9 வரும், அதைத்தான் 4 என்று முழுமையாக்கி எழுதுகிறார்கள். இந்த 4-உம் சதவீதப் புள்ளிதான். 54 ± 4 என்றால் 50 முதல் 58 வரை. இதை '54-இல் 4 சதவீதம்' என்று எடுத்துக்கொண்டு 2.16-ஐக் கூட்டிக் கழித்து, 51.8 முதல் 56.2 வரை என்று எழுதியவர்களும் உண்டு. இருக்கிற நிச்சயத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிச்சயத்தை அவர்கள் வாசகருக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது என் பழைய வாக்கியத்தை அந்த அடிவரியோடு சேர்த்துப் படியுங்கள். '10 சதவீதம் குறைவு. பிழை வரம்பு ±4 சதவீதம்.' பத்து, நான்கைவிட நன்றாகவே பெரிது. ஆகவே சரிவு உறுதி என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பத்தும் அந்த நான்கும் வேறுவேறு அலகுகள். அந்த 10 சதவீதம், புள்ளிக்கணக்கில் வெறும் 6. நான்கோடு ஒப்பிட வேண்டியது அந்த ஆறைத்தான்.

அதுவும் நான்கோடு இல்லை. முதல் ஆண்டுக் குலுக்கலுக்கு ஓர் ஆட்டம், இரண்டாம் ஆண்டுக் குலுக்கலுக்கு இன்னோர் ஆட்டம். இரண்டின் வித்தியாசத்தை எடுத்தால் இரண்டு ஆட்டங்களும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அவை நேராகக் கூடுவதில்லை. ஏனென்றால் இரண்டும் ஒரே சமயத்தில் எதிரெதிர்ப் பக்கம் முழுதாகச் சாய்வது அபூர்வம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு கணிப்புகளுக்கு இது தனி வரம்பைப் போல 1.4 மடங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே 5.6 புள்ளிகள் வரும். ஆக, சரிவு 6 புள்ளி. அதன் வரம்பு ±5.6. உண்மையான சரிவு அரைப் புள்ளிக்கும் குறைவாகவும் இருக்கலாம், பதினொன்றரைக்கு மேலும் இருக்கலாம். 'ஏதோ குறைந்திருக்கிறது போலிருக்கிறது' என்று தயங்கித் தயங்கிச் சொல்லக்கூடிய நிலை. 64-இலிருந்து 54 என்று போட்டிருந்தாலோ 10 புள்ளிச் சரிவு. யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்த அமைப்பு தன் சேவைப் பிரிவில் யாரையாவது மாற்றியிருக்கும்.

கதை இங்கேயும் முடியவில்லை. திருப்தியில்லை என்றவர்களைப் பாருங்கள். முதல் ஆண்டில் 28 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 34. கருத்து இல்லை என்றவர்கள் இரண்டு ஆண்டும் 12. அதாவது திருப்தியிலிருந்து குறைந்த 6 புள்ளிகள் அப்படியே அதிருப்தியில் கூடியிருக்கின்றன. புள்ளிக்கணக்கில் இந்தப் பக்கம் 6 இறங்கினால் அந்தப் பக்கம் 6 ஏறும், தராசு மாதிரி. சதவீத மாற்றமாக எழுதினால் திருப்தி 10 சதவீதம் குறைந்தது, அதிருப்தியோ 21 சதவீதம் பெருகியது. அதே 36 பேர்தான். அடமானக்காரர் தங்கத்தை நிறுப்பது ஒரு தராசில், வாங்குபவர் நிறுப்பது இன்னொரு தராசில் என்பது போல, எந்த எண் வேண்டுமோ அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பொய் சொல்லவே தேவையில்லை. ஒரு விகிதத்தின் 'சதவீத மாற்றம்' பெரிதாகத் தெரிந்தால், அதன் எதிர்ப்பக்கத்தின் மாற்றம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது என் வழக்கம். 90 சதவீதத் தேர்ச்சி 95 ஆனால் தேர்ச்சி ஐந்தரைச் சதவீதம்தான் கூடியது, தோல்வியோ பாதியாகிவிட்டது. அறிக்கை எழுதுபவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலிருந்து, அவர் யாருக்காக எழுதுகிறார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அடித்தளம் சின்னதாக ஆக, இந்த விளையாட்டு அபாயகரமாகிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்பது அதன் சாரம். ஊடகங்களில் அது 100 சதவீத உயர்வு என்று பரவியது. பெண்கள் பலர் மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். அந்த இரண்டு மடங்கின் அடியில் இருந்த எண்கள் இவை: முந்தைய தலைமுறை மாத்திரைகளில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இரத்தக் கட்டி; புதிய மாத்திரைகளில் 7,000 பேரில் இருவருக்கு. புள்ளியில் சொன்னால் உயர்வு 0.014. விரும்பாத கருத்தரிப்புகள் கூடின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். கருத்தரிப்பிலேயே இரத்தக் கட்டி ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

இதைச் சொன்னால் உடனே சிலர், 'அப்படியானால் எப்போதும் புள்ளியிலேயே சொல்லிவிடலாமே' என்பார்கள். அதுவும் ஏமாற்றக்கூடியதுதான். ஓர் இயந்திரத்தின் பழுது விகிதம் 0.4 சதவீதத்திலிருந்து 0.8 ஆனால், '0.4 புள்ளி உயர்வு' என்பது காதில் விழக்கூட விழாது. ஆனால் பழுது பார்ப்பவருக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது. அவரிடம் போய்ப் புள்ளி பேசினால் கையில் இருக்கும் திருப்புளியால் அடிப்பார். சிறிய விகிதங்களில் புள்ளி மறைக்கிறது. சதவீத மாற்றம் மிகைப்படுத்துகிறது. தொடங்கிய இடமும் வந்து சேர்ந்த இடமும் பக்கத்தில் இருந்தால் இரண்டின் பாச்சாவும் பலிக்காது. அவற்றில் ஒன்று இல்லாத அறிக்கை கிடைத்தால், நான் இரண்டு விதமாகவும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். '54, 10 சதவீதம் குறைவு' என்றால், 54-ஐ 0.9-ஆல் வகுத்தால் 60. 54-உடன் 10-ஐக் கூட்டினால் 64. பிறகு மற்ற விடைகளோடு சேர்த்து எது நூறுக்கு வருகிறது என்று பார்ப்பேன். மற்ற விடைகள் அச்சாகாமல் போயிருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். அப்போது அந்த எண்ணை நான் பயன்படுத்துவதில்லை.

வரைபடத்தைத் திருத்தினோம். மூன்றாம் ஆண்டின் எண் 57. 600 பேரில் 342 பேர். அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"போன ஆண்டு 10 சதவீதம் குறைந்தது, இந்த ஆண்டு 5.6 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் இழந்ததில் சரியாகப் பாதி திரும்பி வந்துவிட்டதே, சார்?"

உண்மைதான். முழுவதும் திரும்பி 60 ஆகியிருந்தால் அது 11.1 சதவீத உயர்வு ஆகியிருக்கும். பத்து இறங்கி, பதினொன்று ஏறி, புறப்பட்ட இடத்திலேயே நின்றிருக்கும். இறங்கும்போது 60-ஆல் வகுக்கிறோம், ஏறும்போது 54-ஆல் வகுக்கிறோம், வேறென்ன நடக்கும்?

"அப்படியானால் தலைப்பில் எதைப் போடுவது? மூன்று புள்ளி உயர்வா, ஐந்தரைச் சதவீத உயர்வா?"

வித்தியாசத்தின் வரம்பு ஐந்தரைப் புள்ளிக்கு மேல் இருக்கிறது, கிடைத்திருப்பதோ மூன்று புள்ளி என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'உயர்வு' என்ற சொல்லை அழித்துவிட்டு, '60, 54, 57' என்று மூன்று எண்களை மட்டும் தட்டச்சு செய்தார்.

அந்த அமைப்பிலிருந்து மறுநாளே தொலைபேசி வந்தது. தலைப்பில் வினைச்சொல்லே இல்லையே என்று கேட்டார்கள்.